16-ல் வைத்தும் அறை குளிரவில்லையா? இரவு ஏசிக்கான சரிபார்ப்பு, அறிகுறி வாரியாக

ரிமோட்டில் தெரியும் எண் ஏசி எந்த வெப்பநிலையில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. மேல்நிலைத் தொட்டியின் மிதவையை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் வேகமாக ஏறாது, மோட்டார் நிற்கத்தான் தாமதமாகும். 16-ம் அப்படித்தான். அறை 33 டிகிரியில் இருக்கும்போது 25 வைத்தாலும் 16 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே அளவில்தான் உழைக்கும். 25-ஐத் தொட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும்: ஒன்று நிற்கும், மற்றொன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

கீழே உள்ளவை சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஒரு டன், ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வைத்திருக்கும் படுக்கை அறைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எந்த அறிகுறியானாலும் முதலில் ரிமோட்டை இப்படி அமைத்து ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள்:

- மோடு: கூல் (பனிப்படிகம் போன்ற குறி). ஆட்டோவும் டிரையும் வேண்டாம்.
- வெப்பநிலை: 26. போதவில்லை என்றால் மறுநாள் 25.
- ஏசியின் ஃபேன் வேகம்: முதல் அரை மணி நேரம் ஹை, பிறகு ஆட்டோ.
- சீலிங் ஃபேன்: இரண்டாம் எண்ணில்.

சீலிங் ஃபேனை விட்டுவிடாதீர்கள். மெதுவாகக் காற்று பட்டாலே 26 டிகிரி அறை, ஃபேன் ஓடாத 24 டிகிரி அறை போல உடம்புக்குத் தெரியும். சாதாரண சீலிங் ஃபேன் எடுப்பது 70 வாட் அளவுதான், ஒன்றரை டன் ஏசியோ 1,500 வாட் அளவு எடுக்கும். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திர முத்திரையுடன் விற்கும் ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க எண்ணாக வைத்தே வர வேண்டும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் விதி. 24 பகலில் வெளியிலிருந்து வந்து உட்காரும்போது பொருத்தமானது. தூங்கும் உடம்புக்கு, மெல்லிய போர்வையும் ஃபேனும் இருந்தால், 25 அல்லது 26 போதும்.

அறிகுறி 1: 16-ல் வைத்தும் அறை சீக்கிரம் குளிரவில்லை

இந்தப் புகாரில் பெரும்பாலும் குற்றவாளி எண் அல்ல. குளிர் உள்ளே வருவதில் தடை இருக்கும், அல்லது வந்த குளிர் வெளியேறிக்கொண்டிருக்கும். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

*ரிமோட் மோடு.* குழந்தைகள் கை பட்டு டிரை மோடிலோ ஃபேன் மோடிலோ போயிருக்கும். டிரை மோடில் பல மாடல்களில் வெப்பநிலை எண்ணை மாற்றினாலும் எதுவும் நடக்காது. எக்கோ மோடு கம்ப்ரசரின் வேகத்துக்கு வரம்பு போட்டுவிடும், அதையும் எடுத்துவிடுங்கள்.

*ஃபேன் வேகம்.* சத்தம் பிடிக்காமல் ஃபேனை லோவில் வைத்து, அதை ஈடுகட்ட எண்ணை 16-க்கு இறக்குவது மிகப் பரவலான தவறு. அறையின் காற்று எவ்வளவு வேகமாக உள் யூனிட்டின் குளிர்ந்த குழாய்ச் சுருளான காயிலைக் கடந்து போகிறதோ அவ்வளவு வேகமாகத்தான் அறை குளிரும். சீக்கிரம் குளிர வேண்டுமானால் தொட வேண்டிய பொத்தான் ஃபேன் வேகம். உங்கள் ரிமோட்டில் டர்போ, ஜெட், பவர்ஃபுல் என்று ஏதாவது இருந்தால் அதை அழுத்துங்கள். உள் ஃபேன் முழு வேகத்துக்குப் போகும், இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரும் உச்ச வேகத்துக்குப் போகும், குறிப்பிட்ட நேரம் கழித்துப் பெரும்பாலான மாடல்களில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 16-ல் வைத்தால் அப்படித் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. நீங்கள் தூங்கிவிடுவீர்கள், அது விடியும் வரை ஓடும்.

இன்வெர்ட்டர் ஏசியில் ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. வைத்த எண்ணை நெருங்கும்போது கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே 16-ல் வைத்தால் கடைசி ஒன்றிரண்டு டிகிரியைச் சில நிமிடங்கள் முன்னதாகத் தொடலாம். அந்தச் சில நிமிடங்களுக்காக எட்டு மணி நேர மின்சாரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

*ஃபில்டர்.* உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலைபோல் இரண்டு தட்டுகள் வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் குழாய்த் தண்ணீரில், தூசி படியாத பக்கத்திலிருந்து தண்ணீர் விழும்படி கழுவி, நிழலில் காய வைத்து மாட்டுங்கள். இரவுதோறும் ஏசி ஓடும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இது தேவை. சாலையோர வீடானால் வாரம் ஒரு முறை.

*அறையின் ஓட்டைகள்.* கழிவறைக் கதவைத் திறந்துவைத்து அங்கே எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடினால் குளிர்ந்த காற்றை அது வெளியே இழுத்துத் தள்ளும். ஜன்னலுக்கு மேல் இருக்கும் பழைய வெண்டிலேட்டர், கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளி, ஏசி பைப் போகும் சுவர்த் துளை ஆகியவற்றையும் பாருங்கள். கதவடியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று தெரிந்துவிடும்.

*மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை.* பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு தாண்டியும் வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அறைக் காற்று 25-க்கு வந்துவிட்டாலும் படுத்திருப்பவருக்கு மேலிருந்து வெக்கை தெரியும். ஏசியில் குறையில்லை, எண்ணைக் குறைத்தும் பயனில்லை. படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே 26-ல் போட்டுவிடுங்கள். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும், வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் இங்கே எந்த ரிமோட் பொத்தானைவிடவும் அதிகம் உதவும்.

*வெளி யூனிட்.* அதன் முன்னால் துணி, பெட்டி, கிரில் மறைப்பு, இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுகிய சந்து என்று ஏதாவது இருந்தால் அது வெளியேற்றும் சூடான காற்றையே திரும்ப இழுக்கும். முன்புறம் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பின்பக்கத் தகடுகளில் தூசி ஒட்டியிருந்தால், ஏசிக்கான எம்.சி.பி சுவிட்சை இறக்கி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவலாம். மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கும் யூனிட்டை நீங்களே கழுவ முயல வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரே ஒரு அளவு எடுங்கள். சிறிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். ஏசியை 18-ல், ஃபேன் ஹையில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். (சோதனையின் நடுவே கம்ப்ரசர் நிற்காமல் இருக்கத்தான் 18, தூங்குவதற்கு அல்ல.) மேலே காற்று உள்ளே போகும் இடத்தில் ஓர் அளவு, கீழே குளிர்காற்று வரும் வாயில் ஓர் அளவு. இரண்டுக்கும் இடையே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் வேலையைச் செய்கிறது, குறை அறையில் இருக்கிறது அல்லது அறைக்கு அந்த டன் போதவில்லை. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் வித்தியாசம் 6 டிகிரிக்குக் கீழே என்றால் இனி நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய கட்டம், இவற்றில் ஏதாவது ஒன்று: வித்தியாசம் குறைவு, வெளி யூனிட்டில் ஃபேன் ஓடுகிறது, ஆனால் கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றுபோகிறது, வெளியே உள்ள மெல்லிய செம்புக் குழாயில் பனி படிகிறது. கம்ப்ரசர் முனகி நிற்பதற்கு, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில், பெரும்பாலும் காரணம் கப்பாசிட்டர். சில நூறு ரூபாயில் முடியும் வேலை. அதற்குள் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், கப்பாசிட்டரை மீட்டரில் அளந்து, அதன் மேல் எழுதியிருக்கும் மதிப்போடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேஸ் குறைவு என்று சொன்னால் 'எங்கே கசிகிறது' என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகாது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் மறுபடி அதே செலவு. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று வெளி யூனிட்டின் காயிலை அரித்துத் துளையிடுவது வாடிக்கை, அங்கே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சரியான வேலை என்றால் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேடி, அடைத்து, வாக்குவம் இழுத்து, பெயர்த் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் எடைபோட்டு நிரப்புவார்கள். இப்போதைய பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 தீப்பிடிக்கக் கூடிய கேஸ், இதில் சோதனை முயற்சிகள் கூடாது.

அறிகுறி 2: கம்ப்ரசர் நிற்பதே இல்லை, கரண்ட் பில் எகிறுகிறது

முதலில் செலவை அளந்துகொள்ளுங்கள். வீட்டு மின் மீட்டரில் `kWh` என்று வரும் எண்ணைப் படுக்கும்போது ஒரு முறை, எழுந்தவுடன் ஒரு முறை எழுதிவைத்தால் இரவுச் செலவு தெரிந்துவிடும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை எண்ணலாம். மீட்டரின் முகப்பில் `3200 imp/kWh` என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு விளக்கு 3,200 முறை சிமிட்டும் என்று பொருள். ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்து, ஏசி மட்டும் ஓடும்போது ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

```
கிலோவாட் = (நிமிடத்துக்குச் சிமிட்டல் × 60) ÷ 3200
80 சிமிட்டல் என்றால்: 80 × 60 ÷ 3200 = 1.5
```

மீட்டரில் வேறு எண் இருந்தால் 3200-க்குப் பதிலாக அதைப் போடுங்கள்.

இனி ஒரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்றரை டன், இன்வெர்ட்டர் இல்லாத ஏசி, ஓடும்போது 1.5 கிலோவாட். இரவு பத்து முதல் காலை ஆறு வரை, 16-ல். மே மாதச் சென்னையில் அந்த அறை 16-க்கு இறங்கப்போவதில்லை. அதிகம் போனால் 21, 22-ல் முட்டிக்கொண்டு நிற்கும். ஏசி எண்ணைத் தொடாததால் கம்ப்ரசர் எட்டு மணி நேரமும் ஓடுகிறது. 8 × 1.5, ஆக 12 யூனிட்.

அதே அறை, 26-ல். முதல் முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓடி 26-ஐத் தொடுகிறது: 1.1 யூனிட். அதன் பிறகு பத்து நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஏழேகால் மணி நேரத்தில் பாதி, அதாவது மூன்று மணி நாற்பது நிமிடம் அளவு: 5.4 யூனிட். கம்ப்ரசர் நிற்கும் நேரத்தில் உள் ஃபேனும், இரவு முழுவதும் சீலிங் ஃபேனும் சேர்த்து முக்கால் யூனிட்டுக்குள். மொத்தம் ஏழேகால். அறுபது இரவுகளில் வித்தியாசம் 285 யூனிட்டைத் தொடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில் அடுக்கடுக்காக ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள ஒரு பகுதி யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஆகவே இந்த 285 யூனிட் பில்லின் அதிக விலை அடுக்குகளில்தான் போய் உட்காரும்.

ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. பலர் இதைக் கேட்டு 16-லிருந்து 18-க்கு ஏற்றிவிட்டு, பில் குறையவில்லையே என்கிறார்கள். குறையாது. 16-லும் கம்ப்ரசர் நிற்கவில்லை, 18-லும் நிற்கவில்லை, இரண்டும் ஒரே 12 யூனிட்தான். கம்ப்ரசர் முதன்முதலில் நிற்கத் தொடங்கும் எண்ணிலிருந்துதான் மிச்சம் ஆரம்பிக்கும். ஒவ்வோர் அறைக்கும் அந்த எண் வேறு. உங்கள் அறையின் எண்ணை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

1. இரவு பத்து மணிக்கு 26-ல் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள்.
2. பிறகு அரை மணி நேரம் வெளி யூனிட்டின் சத்தத்தைக் கவனியுங்கள், அல்லது மீட்டர் சிமிட்டலைப் பாருங்கள். கம்ப்ரசர் நின்றால் சிமிட்டல் சட்டென்று மெதுவாகும்.
3. நின்றால் மறுநாள் 25, அதற்கு மறுநாள் 24.
4. எந்த எண்ணில் அரை மணி நேரத்தில் ஒரு முறைகூட நிற்கவில்லையோ, அந்த எண்ணும் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் உங்கள் அறையைப் பொறுத்தவரை ஒன்றேதான்.

இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் நிற்காது, மெதுவாகும். நிமிடத்துக்கு 80 இருந்த சிமிட்டல் 20, 25 என்று இறங்கினால் அது எண்ணைத் தொட்டுவிட்டது. இன்வெர்ட்டருக்குக் கொடுத்த கூடுதல் விலை திரும்பக் கிடைப்பதே இந்த மெதுவான ஓட்டத்தில்தான். 16-ல் வைத்தால் அது இரவு முழுக்க வேகமாகவே ஓடி, அந்தக் கூடுதல் விலைக்குப் பலனில்லாமல் செய்துவிடும்.

26-லேயே கம்ப்ரசர் நிற்கவில்லை என்றால்? அறிகுறி 1-ல் உள்ள ஃபில்டர், ஓட்டை, வெளி யூனிட், வெப்பநிலை வித்தியாசம் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லை, மழைநாளில் மட்டும் நிற்கிறது என்றால் அறைக்கு ஏசி சிறியது. மேல் மாடி அறை, மேற்குப் பார்த்த சுவர் என்றால் ஒரு டன் திணறுவது இயல்பு. பெரிய ஏசி வாங்கும் முன் கூரை வெப்பத்தைக் குறைக்கும் வழியை முடித்துவிடுங்கள், அது மலிவு.

அறிகுறி 3: நள்ளிரவு தாண்டியதும் குளிரில் விழிப்பு, அணைத்தால் புழுக்கத்தில் விழிப்பு

தூங்கத் தொடங்கும்போது அறை, சுவர், மெத்தை எல்லாம் சூடாக இருக்கும். மூன்று மணிக்குள் இவை குளிர்ந்துவிடும், வெளி வெப்பமும் இறங்கியிருக்கும், உடம்பின் வெப்பமும் விடியலை நோக்கிக் குறையும். பத்து மணிக்கு இதமாக இருந்த 22 மூன்று மணிக்கு நடுக்கும். எழுந்து அணைக்கிறோம், நாலரைக்கு வியர்க்கிறது.

ஸ்லீப் மோடு இதற்காகவே இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் அது மணிக்கு ஒரு டிகிரி என்று இரண்டு மணி நேரத்தில் இரண்டு டிகிரி ஏற்றிவிட்டு அங்கேயே நிற்கும். ஆகவே தொடக்க எண் முக்கியம். 25-ல் தொடங்கினால் 27-ல் நிற்கும், சீலிங் ஃபேனுடன் அது விடியற்காலைக்குச் சரியாக இருக்கும். 18-ல் தொடங்கினால் 20-ல் நிற்கும், அதில் பலன் ஒன்றுமில்லை. ஸ்லீப் மோடு இல்லாத ரிமோட் என்றால் ஆஃப் டைமரை நாலரை மணிக்கு வையுங்கள். குளிர்ந்த சுவர் அதன் பிறகும் கொஞ்ச நேரம் தாங்கும், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

எண்ணை மாற்றியும் ஒருவருக்கு மட்டும் குளிர்கிறது என்றால் காற்று நேராக அவர்மேல் விழுகிறது. குளிர்காற்று தானாகவே கீழிறங்கும். தகடுகளைக் கிடைமட்டமாக வைத்துக் காற்றைக் கூரையை ஒட்டி அனுப்புங்கள், ஸ்விங்கை நிறுத்துங்கள். கைக்குழந்தையும் முதியவரும் படுக்கும் அறையில் 26-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. குளிர்கிறது என்று அவர்களால் சொல்லவோ எழுந்து மாற்றவோ முடியாமல் போகலாம்.

அறிகுறி 4: 25-ல் வைத்தால் பிசுபிசுப்பு, 18-ல்தான் உலர்ந்தாற்போல் இருக்கிறது

கடலோர ஊர்களில் இது உண்மையான தொல்லை, வெறும் பழக்கம் என்று ஒதுக்க முடியாது. கம்ப்ரசர் ஓடும்போது காயிலில் ஈரம் படிந்து வடிகிறது. கம்ப்ரசர் நின்ற பிறகும் உள் ஃபேன் ஹையில் சுற்றினால் காயிலில் மிச்சமிருக்கும் ஈரம் மறுபடி அறைக்குள்ளேயே வருகிறது. 18-ல் கம்ப்ரசர் நிற்பதே இல்லை என்பதால் உலர்ந்த உணர்வு கிடைக்கிறது. அந்த உணர்வுக்கு மேலே போட்ட 12 யூனிட் கணக்குதான் விலை.

முதலில் ஏசி ஃபேனை ஹையிலிருந்து ஆட்டோவுக்கு மாற்றுங்கள். பல மாடல்களில் கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் தணிந்துவிடும். அடுத்து ஈரம் உள்ளே வரும் வழிகளைப் பாருங்கள்: அறையில் உலர்த்தும் துணி, திறந்த கழிவறைக் கதவு, மூடாத வெண்டிலேட்டர். இதற்கும் அடங்கவில்லை என்றால் அறை குளிர்ந்த பிறகு டிரை மோடு ஒரு மணி நேரம். அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் டிரை மோடு நன்றாக வேலை செய்யும், ஏப்ரல், மே வெயிலில் அதை மட்டும் நம்ப முடியாது.

சின்ன அறைக்குப் பெரிய ஏசி போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் எண்ணைத் தொட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரமே கிடைக்காது. எண்பது சதுர அடி அறையில் ஒன்றரை டன் இப்படித்தான் நடந்துகொள்ளும். இதற்கு மெக்கானிக்கிடம் மருந்து இல்லை. ஏசியின் ஃபேனை லோவில் வைத்து ஓடும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டலாம். அடுத்த முறை வாங்கும்போது ஒரு டன்னுக்குள், இன்வெர்ட்டராக வாங்குங்கள்.

அறிகுறி 5: ரிமோட்டில் 20, அறையில் 26 போல இருக்கிறது

இங்கே ஏசி முன்கூட்டியே நின்றுவிடுகிறது. அறிகுறி 1-க்கும் இதற்கும் வேறுபாடு இதுதான்: வாயில் வரும் காற்று நன்றாகக் குளிர்கிறது, ஆனால் கம்ப்ரசர் சீக்கிரம் நிற்கிறது.

வெப்பத்தை உணரும் சென்சார் உள் யூனிட்டுக்குள், காயிலுக்கு முன்னால் ஒரு சின்ன கிளிப்பில் இருக்கும். கட்டில் மட்டத்து வெப்பம் அதற்குத் தெரியாது. திரைச்சீலையோ அலமாரியின் மேற்பகுதியோ குளிர்காற்றைத் திருப்பி மேலே அனுப்பினால் அறை குளிர்ந்துவிட்டது என்று ஏமாந்துபோகும். யூனிட்டுக்கு முன்னால் இருப்பதை நகர்த்துங்கள். சர்வீஸ் முடிந்த அன்றிலிருந்து இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால், கழுவும்போது சென்சார் கிளிப்பிலிருந்து நழுவிக் காயிலைத் தொட்டுக்கொண்டிருக்கும். சர்வீஸ் செய்தவரையே கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

சில ரிமோட்டுகளில் ரிமோட் இருக்கும் இடத்தின் வெப்பத்தை அளந்து அனுப்பும் வசதி உண்டு. அதைப் போட்டால் ரிமோட்டை ஏசிக்கு எதிரே, காற்று நேராக விழாத இடத்தில் வைக்க வேண்டும். தலையணைக்கு அடியில் போனால் கணக்கு தலைகீழாகும்.

எதுவும் பலிக்காமல் தினமும் எண்ணை நான்கைந்து டிகிரி இறக்கித்தான் தூங்க முடிகிறது என்றால் சென்சாரின் அளவே தவறியிருக்கலாம். மெக்கானிக் அதன் மின்தடையை அளந்து பார்ப்பார். மாற்றும் செலவு அதிகமில்லை.

அறிகுறி 6: உள் யூனிட்டில் பனி, அல்லது சுவரில் தண்ணீர்

தண்ணீர் மட்டும் சொட்டுகிறது என்றால் டிரெயின் பைப்பில் பாசி அடைத்திருக்கும். வெளிமுனையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய வாக்குவம் கிளீனரால் அங்கிருந்து உறிஞ்சி எடுக்கலாம். பைப்பின் முனை வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் வடியாது.

பனி என்றால் கதை வேறு. அழுக்கு ஃபில்டர், ஃபேன் லோ, எண் 16, விடிய விடிய ஓட்டம் என்று நான்கும் சேரும்போது காயில் உறைநிலைக்குக் கீழே போய் ஈரம் பனியாகப் படியும். பனி காற்றை மறைக்கும், அறை இன்னும் குளிராது, எண்ணை இன்னும் குறைக்கத் தோன்றும். கூலை நிறுத்தி, ஃபேன் மோடில் ஓரிரு மணி நேரம் ஓட்டி உருகவிடுங்கள், கீழே பழைய துணி விரியுங்கள். கத்தியோ ஸ்குரூடிரைவரோ வைத்துச் சுரண்டினால் காயில் துளையாகி, கழுவலோடு முடிய வேண்டியது காயில் மாற்றுவதில் போய் முடியும். உருகிய பிறகு ஃபில்டரைக் கழுவி, ஃபேன் ஹையில், 25-ல் ஓட்டுங்கள். அதன் பிறகு பனி வரவில்லை என்றால் விஷயம் முடிந்தது.

சுத்தமான ஃபில்டருடன் 25-லும் மறுபடி பனி படிந்தால் கேஸ் குறைந்திருக்கிறது, அல்லது உள் ஃபேன் வேகம் இழந்திருக்கிறது. அந்த நிலையில் இரவெல்லாம் ஓட்டாதீர்கள். உறைந்த காயிலிலிருந்து ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் போனால் அது பழுதாகும், பழைய ஏசியில் கம்ப்ரசர் மாற்றும் செலவு புதிய ஏசி வாங்குவதா என்று யோசிக்க வைக்கும். அணைத்துவிட்டு மறுநாள் காலை மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.